நொறுங்கத் தின்றால் நூறு வயது

தில்லியின் துவாரகாவில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் வசித்து வந்தான். அவன் இரவு உணவைத் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே உண்பான். நான்கு சப்பாத்திகளைப் பத்தே நிமிடங்களில் தின்று முடிப்பான். சற்று நேரத்தில் வயிறு கனக்கும். படிக்க இயலாமல் படுத்துவிடுவான்.

ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி இதனைக் கவனித்தார். "நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள், கண்ணா. நீ மெல்லாமலே விழுங்குகிறாயே!" என்றார்.

"பசிக்கும்போது எப்படிப் பாட்டி மெதுவாகத் தின்பது?" என்று கேட்டான் அவன்.

பாட்டி காரணத்தை விளக்கினார். உணவு சேரச் சேர இரைப்பை விரிகிறது. அச்செய்தியை நரம்புகள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. உணவு சிறுகுடலை அடைந்ததும் அங்குச் சுரக்கும் ஹார்மோன்களும் 'போதும்' என்று அறிவிக்கின்றன. இவ்வுணர்வு முழுமையாகத் தோன்ற ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். பத்து நிமிடங்களில் உண்டு முடிப்பவனுக்கு அச்செய்தி காலங்கடந்தே கிட்டுகிறது. அதற்குள் தேவைக்கு மேல் உண்டுவிடுகிறான்.

மறுநாள் பாட்டி தொலைக்காட்சியை நிறுத்தினார். சப்பாத்தியைச் சிறு துண்டாகக் கிள்ளி, கூழாகும்வரை மெல்லச் சொன்னார். மெல்ல மெல்ல அது இனித்தது! உமிழ்நீர் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே அதற்குக் காரணம். வாயிலுள்ளதை விழுங்கிய பின்னரே அடுத்த துண்டை எடுக்க வேண்டும் என்பது பாட்டியின் விதி.

இரண்டு சப்பாத்திகள் முடிந்ததும் அவன் சற்று நிறுத்தினான். முதல் துண்டில் இருந்த சுவை இப்போது குறைந்திருந்தது. கையின் வேகமும் தணிந்திருந்தது. இவை வயிறு நிறைந்து வருவதன் அறிகுறிகள். "குருமா இல்லாமல் வெறும் சப்பாத்தி தந்தால் உண்பாயா?" என்று பாட்டி கேட்டார். அவன் எண்ணிப் பார்த்தான். உண்பேன் என்று தோன்றியது. ஆகவே அது உண்மையான பசி. மூன்றாவதை உண்டான். நான்காவதற்கு அதே கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டான். வேண்டாம் என்று தோன்றியது. அன்று வயிறு கனக்கவில்லை, உறங்கும்வரை பசிக்கவுமில்லை.

விளையாடிக் களைத்த நாளில் நான்கும் தேவைப்படலாம். வளரும் பிள்ளைகள் பசியை அடக்கக் கூடாது. இனிப்புப் பானங்களுக்கோ மெல்லும் வேலையே இல்லை. நிறைவு தோன்றுமுன் குவளை காலியாகிவிடும்.

முன் உண்டது செரித்த பின், அளவறிந்து உண்ணும் முறையைத் திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தில் கூறியுள்ளார்.

சொற்பொருள்
நொறுங்க – நன்கு மென்று தூளாகும்படி
இரைப்பை – உண்ட உணவு சென்று தங்கும் உறுப்பு
உமிழ்நீர் – வாயில் ஊறும் நீர்
செரித்தல் – சீரணமாதல்

பயிற்சி
1. விரைந்து உண்பவர் தேவைக்கு மேல் உண்பது ஏன்?
2. வயிறு நிறைந்து வருவதை உணர்த்தும் அறிகுறிகள் இரண்டினை எழுதுக.
3. வெறும் சப்பாத்தியைப் பற்றிப் பாட்டி கேட்டதன் நோக்கம் யாது?
4. இன்று இரவு உண்ணத் தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் குறித்து வருக.