கேலரியில் காணாத படங்கள்

மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்

பெரிய நூலகம் ஒன்றில் நூல் தேடுபவர் அலமாரி அலமாரியாக அலைவதில்லை. நூற்பட்டியலைப் பார்க்கிறார். பட்டியலில் பெயர் இல்லையென்றால், நூல் அலமாரியில் பத்திரமாக இருந்தாலும், "இங்கே இல்லை" என்று எண்ணித் திரும்பிவிடுகிறார். ஆண்ட்ராய்டு கைபேசியில் படங்கள் "காணாமல் போவது" பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. படம் அழியவில்லை, பட்டியலில் ஏறவில்லை, அல்லது ஏறியும் படம் என்று குறிக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் செய்யும் அவசர வைத்தியத்தால்தான் படம் உண்மையிலேயே அழிகிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கேலரி எதைப் பார்க்கிறது?

நாம் கேலரியைத் திறந்தவுடன் அது கைபேசியின் எல்லாக் கோப்புறைகளையும் துழாவுவதாக நினைக்கிறோம். அவ்வாறு துழாவினால், ஆயிரக்கணக்கான கோப்புகளுள்ள கைபேசியில் ஒவ்வொரு முறையும் நெடுநேரம் காத்திருக்க நேரும். அதனால் ஆண்ட்ராய்டு தனக்குள் ஒரு பட்டியலை வைத்துக்கொள்கிறது. அதன் பெயர் `MediaStore`. கோப்பு எங்கே இருக்கிறது, எந்நாளில் எடுக்கப்பட்டது, என்ன வகை என்பன அதில் வரிவரியாக உள்ளன. வகை என்பது ஓர் எண். படமானால் 1, ஒலியானால் 2, காணொளியானால் 3. இம்மூன்றும் அல்லாத சாதாரணக் கோப்பானால் 0. பெரும்பாலான கேலரிச் செயலிகள் இப்பட்டியலிடம் "வகை 1, வகை 3 எவையெவை?" என்று கேட்டு, கிடைத்த விடையை மட்டுமே திரையில் காட்டுகின்றன.

இப்பட்டியலை நிரப்பும் வேலைக்கு மீடியா ஸ்கேன் என்று பெயர். கேமரா ஒரு படத்தை எடுத்தவுடன் அதுவே பட்டியலுக்குத் தகவல் தந்துவிடுகிறது. கைபேசியை அணைத்துப் போடும்போதும், மெமரி கார்டைச் செருகும்போதும் முழு ஸ்கேன் நடைபெறுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேளையில், வேறு வழியாக உள்ளே வந்த கோப்பைப் பற்றி யாரும் தகவல் தராவிட்டால், அது பட்டியலுக்கு வெளியே நின்றுவிடும். 2020இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 11 முதல், செயலிகள் எழுதும் கோப்புகள் பட்டியலைப் பராமரிக்கும் பகுதியின் வழியாகவே செல்லுமாறு அமைப்பு மாற்றப்பட்டது. எனவே புதிய கைபேசிகளில் இக்குறை குறைந்துள்ளது. பழைய கைபேசிகளில் இன்றும் காணலாம்.

மறைக்கும் இரண்டு அடையாளங்கள்

ஸ்கேன் நடந்தாலும் சில கோப்புறைகள் விலக்கப்படுகின்றன. அவற்றை இரண்டு அடையாளங்களால் அறியலாம். முதலாவது, கோப்புறையின் பெயர் புள்ளியில் தொடங்குவது. `.Padam` என்று பெயரிட்டால் அது மறைந்த கோப்புறை. இரண்டாவது, கோப்புறைக்குள் `.nomedia` என்ற பெயரில் ஒரு கோப்பு இருப்பது. அதனுள் ஓர் எழுத்தும் இருக்க வேண்டியதில்லை. பெயர் ஒன்றே போதும். அது இருக்கும் கோப்புறைக்கும், அதன் உட்கோப்புறைகள் அனைத்துக்கும் அந்தத் தடை பொருந்தும்.

இத்தடை தீய நோக்கத்தில் ஏற்பட்டதன்று. பாட்டுச் செயலிகள் வைத்திருக்கும் ஆல்பம் அட்டைப் படங்கள், விளையாட்டுகளின் சின்னஞ்சிறு சித்திரங்கள் ஆகியன நம் குடும்பப் படங்களுக்கிடையே வந்து குவியாமலிருக்கவே இது அமைந்தது. வாட்ஸ்அப்பில் `Media visibility` என்னும் விருப்பத்தை நிறுத்தினால், அதன்பின் வரும் படங்கள் கேலரியில் தோன்றாமற்போவதும் இதே முறையால்தான். அவ்விருப்பத்தை மீண்டும் இயக்கினாலும், அதற்குப்பின் வரும் படங்களுக்கே அது பொருந்தும். முன்னே வந்தவை தாமாகத் தோன்றா.

மறைந்த கோப்புறையிலுள்ள படத்துக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்கலாம் என்பது பலர் அறியாத செய்தி. ஆனால் அதன் வகை 1 என்றில்லாமல் 0 என்று எழுதப்படுகிறது. அதாவது, நூலின் பெயர் பட்டியலில் உண்டு, "நூல்" என்ற குறிப்பு மட்டும் இல்லை. கேலரி வகை 1ஐக் கேட்பதால் அந்த வரி அதன் கண்ணில் படுவதில்லை.

அம்பத்தூர் ஏரிப் படங்கள்

இனி ஓர் உண்மை நிகழ்வைக் கொண்டு இதனைப் பார்ப்போம். நம் கல்லூரித் தாவரவியல் மாணவியர் சிலர் அம்பத்தூர் ஏரியில் ஆகாயத்தாமரை பரவுவதை மாதந்தோறும் ஒரே இடங்களிலிருந்து படமெடுத்து வருகின்றனர். மழைக்கு முந்தைய மாதத்துப் படம் தொலைந்தால் அதை மறுபடி எடுக்க இயலாது. நீர்மட்டம் மாறிவிடும், செடி நகர்ந்துவிடும். அவர்களுள் ஒருவர் தம் பழைய கைபேசியிலிருந்த `Ambattur_Eri` என்ற கோப்புறையை மெமரி கார்டில் நகலெடுத்து, அங்கிருந்து ஆண்ட்ராய்டு 9 உள்ள வேறொரு கைபேசிக்கு மாற்றினார். புதிய கைபேசியின் கேலரியில் ஒரு படமும் இல்லை.

"அண்ணா, படமெல்லாம் போயிடுச்சு. கார்டை ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி காப்பி பண்ணட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். "கார்டைத் தொடாதம்மா, முதல்ல எண்ணிப் பார்ப்போம்" என்றேன். பழைய கைபேசியில் அக்கோப்புறை முன்பே நீக்கப்பட்டுவிட்டது. புதிய கைபேசியிலுள்ள நகல் சரியானதா என்பது தெரியாத நிலையில், கார்டில் இருந்ததே எஞ்சிய ஒரே உறுதியான பிரதி.

கேலரியை விட்டு ஃபைல் மேனேஜரைத் திறந்தோம். அது பட்டியலைக் கேட்காமல் கோப்புறையையே நேரில் பார்த்தது. அதில் 132 படங்கள் இருந்தன, தொட்டால் திறந்தன. ஆகவே நகலெடுப்பதில் பிழையில்லை என்பது முடிவாயிற்று. அடுத்து, அமைப்புகளில் `Show hidden files` என்பதை இயக்கினோம். எண்ணிக்கை 133 ஆயிற்று. கூடுதலாக வந்த ஒன்று, 0 பைட் அளவுள்ள `.nomedia`.

அது எங்கிருந்து வந்தது? பழைய கைபேசியின் கேலரிச் செயலியில், ஏரிப் படங்கள் வீட்டுப் படங்களோடு கலக்க வேண்டாமென்று, "கோப்புறையை மறை" என்ற வசதியைப் பயன்படுத்தியிருந்தார். அச்செயலி மறைத்த விதம், கோப்புறைக்குள் ஒரு `.nomedia` வைத்ததே. கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்தபோது கண்ணுக்குத் தெரியாத அக்கோப்பும் கார்டு வழியே கூடவே பயணம் செய்தது.

கணினியுடன் கைபேசியை இணைத்து, பட்டியல் என்ன சொல்கிறது என்றும் சோதித்தோம். அதற்கான கட்டளை இது:

```
adb shell "content query --uri content://media/external/file --projection _data:media_type | grep Ambattur_Eri"
```

வந்த வரிகள் ஒவ்வொன்றின் முடிவிலும் `media_type=0` என்றிருந்தது. மேலே சொன்ன விளக்கத்துக்கு இதுவே சான்று.

பிறகு அந்த `.nomedia` கோப்பை மட்டும் நீக்கினோம். கேலரி அப்போதும் வெறுமையாகவே இருந்தது. இங்கேதான் பலர் மனம் தளர்ந்து வேறு வைத்தியத்துக்குச் செல்கின்றனர். தடை நீங்கியது உண்மை. ஆனால் தடை நீங்கியதைப் பட்டியல் இன்னும் அறியவில்லை. கைபேசியை அணைத்துப் போட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தோம். ஸ்கேன் முடிந்ததும் படங்கள் வந்தன. அதே கட்டளையை மறுபடி கொடுத்தபோது `media_type=1` என்றிருந்தது.

எண்ணிப் பார்த்ததில், ஏரிக்குரிய மாதங்களில் 123 படங்களே இருந்தன. மீதி 9 எங்கே? அவை கேலரியின் முகப்பில், நகலெடுத்த நாளின்கீழ் நின்றன. அவை தோழியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. அவ்வாறு அனுப்பும்போது படத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் எடுத்த நாள் நீங்கிவிடுகிறது. எடுத்த நாள் தெரியாதபோது கோப்பின் நாளைக் கொண்டு கேலரி வரிசைப்படுத்துகிறது. இது மறைவு அன்று, இடமாற்றம். ஆயினும் தேடுபவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

செய்யக் கூடாதவை

கோப்புறை எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் வாட்ஸ்அப் படங்கள் `Android/media/com.whatsapp` என்ற இடத்தில் உள்ளன. `Android/media`, `Android/data` ஆகியவற்றில் ஒரு செயலிக்கென அமைந்த கோப்புறை, அச்செயலியை நீக்கும்போது பொதுவாக அதனுடன் நீங்கிவிடும். படம் தெரியவில்லையென்று செயலியை நீக்கி மறுபடி நிறுவுவது, தெரியாத படத்தை இல்லாத படமாக்கும் செயலாகும். அத்தகைய இடத்திலுள்ள படங்களை முதலில் `Pictures` கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நகலெடுக்கையில் `.nomedia` தவிர்த்துப் படங்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைபேசியிலுள்ள எல்லா `.nomedia` கோப்புகளையும் தேடி நீக்குவதும் தவறு. அவ்வாறு செய்தால் செயலிகளின் சின்னச் சித்திரங்கள் யாவும் கேலரியில் கொட்டும். எவை எங்குள்ளன என்று பார்க்க மட்டும் இக்கட்டளை உதவும்:

```
adb shell find /sdcard/ -name .nomedia
```

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. கடவுச்சொல் கேட்டுப் படங்களைப் பூட்டும் செயலிகள் சில, கோப்பையே வேறு வடிவமாக மாற்றி வைக்கின்றன. அங்கே `.nomedia` நீக்கிப் பயனில்லை; அச்செயலியைக் கொண்டே படங்களை வெளியே எடுக்க வேண்டும். மறுபுறம், `.nomedia` என்பது பூட்டும் அன்று. ஃபைல் மேனேஜர் உள்ள எவரும் அதனுள் இருப்பதைப் பார்க்கலாம். பிறர் பார்க்கக் கூடாத படத்தை அதை நம்பி வைத்தல் ஆகாது.

ஆக, வரிசை இதுவே: ஃபைல் மேனேஜரில் எண்ணுதல், மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்தல், அந்தக் கோப்புறையின் தடையை மட்டும் நீக்குதல், கைபேசியை அணைத்துப் போடுதல், மறுபடி எண்ணுதல். இரண்டு எண்ணிக்கைகளும் ஒத்துவரும் வரையில் மூலப் பிரதியுள்ள கார்டை அழிக்கலாகாது. தாவரவியல் மாணவியர் இப்போது ஒவ்வொரு மாதமும் களக்குறிப்பேட்டில் நாள், இடம் ஆகியவற்றோடு எடுத்த படங்களின் எண்ணிக்கையையும் எழுதி வைக்கின்றனர்.