அந்தச் சொல் அன்றைக்கும் பழையதா?

அன்புள்ள தம்பிக்கு,

ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் 'லவ்' கவிதைக்கு நீங்கள் செய்த மொழிபெயர்ப்பு கிடைத்தது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். 'தௌ', 'ஹாத்', 'டத்' போன்ற சொற்கள் வரும் ஆங்கிலக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது பழந்தமிழ் நடைதான் பொருந்தும் என்று கூடவே எழுதியிருந்தீர்கள். உங்கள் வரிகளில் 'யான்', 'நும்', 'உளது' எல்லாம் அப்படித்தான் வந்திருக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்பதை இந்த ஒரு கவிதையை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஹெர்பர்ட் சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்தவர். 1633 மார்ச்சில் இறந்தார். அவருடைய 'த டெம்பிள்' தொகுப்பு அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் அச்சானது. 'லவ்' என்ற தலைப்பில் அதில் மூன்று கவிதைகள் இருக்கின்றன. நீங்கள் எடுத்தது மூன்றாவது. மொத்தம் 18 வரிகள். அன்பே வடிவான கடவுள் விருந்து வைக்கிறார். வாசல் வரை வந்த விருந்தாளி தனக்குத் தகுதியில்லை என்று தயங்குகிறான். பேசிப் பேசி அவனை உள்ளே அழைத்து உட்கார வைக்கிறார். நடப்பது அவ்வளவுதான்.

இந்தக் கவிதை முழுக்க வீட்டு வாசலில் நடக்கும் உரையாடல். ஹெர்பர்ட் காலத்து வாசகருக்கு இதில் ஒரு சொல்கூடப் பழையதாகக் கேட்டிருக்காது. 'டத்' நமக்குத்தான் கல்வெட்டு மாதிரி தெரிகிறது. 1633இல் அது 'செய்கிறது' என்பதற்குச் சாதாரணமாகப் புழங்கிய வடிவம். 'ஹாத்' என்பதும் அப்படியே: 'அவனுக்கு இருக்கிறது' என்று படர்க்கை ஒருமையில் மட்டும் வரும். தன்மையிலும் பன்மையிலும் வராது. பழமை காட்டுவதற்காகப் பின்னால் எழுதியவர்கள் 'நான்', 'அவர்கள்' ஆகியவற்றோடும் 'ஹாத்' சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால் அது பழைய எழுத்தல்ல, பழையது போலச் செய்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் காலத்தில் வினைச்சொல்லின் முடிவில் 'எத்' வருவதும் 'ஸ்' வருவதும் அருகருகே புழங்கின. தெற்கில் 'எத்', வடக்கிலிருந்து இறங்கி வந்தது 'ஸ்'. பேச்சில் 'ஸ்' வென்றுகொண்டிருந்தது. ரிச்சர்ட் ஹாட்ஜஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1643இல் வெளியிட்ட எழுத்திலக்கண நூலில், 'எத்' என்று எழுதினாலும் நாம் 'ஸ்' என்றுதான் சொல்கிறோம் என்று பதிவு செய்கிறார். அதாவது ஏட்டில் கண்டது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. கவிஞர்களுக்கு இரண்டும் கையில் இருந்தது வசதி. ஓர் அசை கூட வேண்டுமென்றால் 'எத்', வேண்டாமென்றால் 'ஸ்'. 'ஹாத்', 'டத்' இரண்டும் அடிக்கடி வரும் சொற்கள் என்பதால் கடைசி வரை மாறாமல் நின்றன.

இங்கே உங்கள் வரி ஒன்றைப் பார்ப்போம். தன் அவமானம் அதற்குத் தகுந்த இடத்துக்கே போகட்டும் என்று விருந்தாளி சொல்லும் இடத்தில் 'டத்' வருகிறது. நீங்கள் 'மெய்யாகவே' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் உடன்பாட்டு வாக்கியத்தில் 'டூ' வந்தால் அழுத்தம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் அதற்கு அழுத்தம் இருந்தாக வேண்டியதில்லை. அசைக் கணக்கை நிரப்ப அதை எங்கே வேண்டுமானாலும் போடலாம். விருந்தாளி உட்கார்ந்து சாப்பிடும் கடைசி வரியிலும் அதே துணைவினைதான் இறந்தகாலத்தில் வருகிறது. அங்கும் 'உறுதியாக அமர்ந்தேன்' என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியில் ஆறு சொற்கள், ஆறும் ஓரசைச் சொற்கள். அத்தனை தர்க்கத்துக்குப் பிறகு ஒரு மனிதன் சத்தமில்லாமல் இலையில் உட்காருவது போன்ற வரி அது. 'உறுதியாக' என்ற சொல் அந்த அமைதியைக் கெடுக்கிறது. எடுத்துவிடுங்கள்.

இனி 'தௌ'. இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

'தௌ' என்பது ஆங்கிலத்தின் 'நீ'. எழுவாயாக வந்தால் 'தௌ', 'உன்னை' என்றால் 'தீ', 'உன்' என்றால் 'தை'. பலரைச் சொல்ல 'யீ', 'யூ' இருந்தன. 13ஆம் நூற்றாண்டு முதல், பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, உயர்ந்த இடத்தில் இருக்கும் ஒருவரையும் பன்மையில் விளிக்க ஆரம்பித்தார்கள். நாம் 'நீங்கள்' என்பது போல. 1600 வாக்கில் 'யூ' எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 'தௌ' என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்ற நிலை வந்தது: நெருக்கம், கோபம், இளக்காரம் அல்லது பிரார்த்தனை. 1603இல் வால்ட்டர் ராலே மீது நடந்த ராஜத்துரோக வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று விளித்து அவமானப்படுத்தினார். நம் ஊர்க் கோர்ட்டில் ஒரு பெரிய மனிதரை எல்லார் முன்னாலும் 'ஏய், நீ' என்பது போல.

அப்படியிருக்க, 'தௌ' மரியாதைச் சொல் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1611இல் வந்த ஆங்கில வேதாகமம், டின்டேல் 1520களில் தொடங்கிய மொழிபெயர்ப்பைப் பின்பற்றி, ஒருவர் என்றால் 'தௌ', பலர் என்றால் 'யீ' என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்தது. அதில் கடவுளும் 'தௌ'தான், அடிமையும் 'தௌ'தான். பேச்சிலிருந்து அந்தச் சொல் மறைந்த பிறகு, கோயிலிலும் ஜெபத்திலும் மட்டும் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு கம்பீரம் ஏறிவிட்டது.

ஹெர்பர்ட்டிடம் திரும்பி வாருங்கள். விருந்தாளி கடவுளை ஒரே ஓர் இடத்தில் முன்னிலையில் குறிப்பிடுகிறான்: 'தீ'. 'உன்னைப் பார்க்க என்னால் முடியாது' என்று சொல்லும் இடம். கடவுள் விருந்தாளியை மூன்று இடங்களில் விளிக்கிறார். மூன்றிலும் 'யூ'. ஒரு தடவைகூட 'தௌ' இல்லை. நீங்கள் இரண்டு பக்கமும் 'நும்' என்று போட்டதால் இந்த வித்தியாசம் அப்படியே காணாமல் போய்விட்டது. கவிதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. படைத்தவர் படைக்கப்பட்டவனிடம், வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் பேசுவது போல 'வாங்க, உட்காருங்க' என்கிறார். பதிலுக்கு இவன் 'உன்னை' என்கிறான். அது திமிர் அல்ல, பக்தியின் ஒருமை. நம் சிவனடியாரும் ஆழ்வாரும் கடவுளை 'நீ' என்றுதானே அழைத்தார்கள்?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'தீ' அந்த வரியின் கடைசிச் சொல். இரண்டு வரி முன்னால் முடியும் 'ஹீ'யோடு அது எதுகை சேர வேண்டும். எதுகைக்காகத்தான் வந்தது என்று ஒருவர் வாதிடலாம். ஆங்கிலக் கவிஞர்கள் பலர் ஓசைக்காக இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கடவுள் சொல்லும் மூன்று 'யூ'வும் வரியின் கடைசியில் இல்லை. எதுகை அவற்றைக் கேட்கவில்லை. எங்கே 'தௌ' கண்டாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: யார் யாரிடம் பேசுகிறார், அந்த இடத்தில் ஓசைக்கு அது தேவைதானா, அதே ஆள் வேறோர் இடத்தில் மாற்றிச் சொல்கிறாரா.

தமிழில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ ஜெபம் கடவுளை 'நீர்', 'உம்மை' என்கிறது. அந்தக் காதுக்கு 'உன்னை' சற்று உறுத்தும். இருந்தாலும் நான் 'உன்னை' பக்கம்தான். அதற்கு முந்தைய வரியின் முடிவில் அவன் கடவுளை 'என் அன்பே' என்றும் அழைக்கிறான். 'என் அன்பே, உம்மை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒட்டாது.

இன்னொரு சொல், அடையாளமே காட்டாமல் ஏமாற்றுவது. கவிதையின் முடிவில் கடவுள் தன் 'மீட்'டைச் சுவைக்கச் சொல்கிறார். நீங்கள் 'இறைச்சி' என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு 'மீட்' என்றால் உணவு, எந்த உணவும். 1611 வேதாகமத்தில் லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தில் மாவும் எண்ணெயும் கலந்து படைக்கும் காணிக்கைக்கே 'மீட்' என்ற சொல்தான் இருக்கிறது. தமிழ் வேதாகமம் அதைப் 'போஜனபலி' என்று சரியாகச் சொல்லும். 'ஹாத்' வந்தால் அகராதியைத் திறப்பீர்கள். 'மீட்' வந்தால் திறக்க மாட்டீர்கள், ஏனென்றால் தெரிந்த சொல். இதே கவிதையில் வரும் 'அன்கைண்ட்' என்ற சொல்லையும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் பாருங்கள். அது ஒவ்வொரு பொருளையும் ஆண்டு போட்ட மேற்கோள்களோடு பழையதிலிருந்து புதியதாக அடுக்கியிருக்கும். 1633ஐ ஒட்டிய பொருளில் உறவின் முறைக்கு மாறானவன், நன்றி கெட்டவன் என்ற சாயல் உண்டு. 'கருணையற்றவன்' என்ற உங்கள் சொல் அதைத் தொடவில்லை.

நீங்கள் கேட்டிருந்த 'ஏர்' இந்தக் கவிதையில் இல்லை. அதன் பொருள் 'முன்னால்', 'அதற்கு முன்பே'. 'எர்லி' என்ற சொல்லுக்கு உறவு. இதே ஓசையில் இன்னொன்று உண்டு: 'எவர்' என்பதன் சுருக்கம். அதில் நடு எழுத்தை விட்டுவிட்டு மேலே ஒரு குறி போட்டிருப்பார்கள். மில்டன் தன் பார்வையிழப்பைப் பற்றி எழுதிய சானெட்டின் இரண்டாம் வரி 'ஏர்' என்றுதான் தொடங்குகிறது. வாழ்நாளில் பாதி கழியும் முன்பே என்று அவர் சொல்ல வருகிறார். அதை 'எப்போதும்' என்று எடுத்தால் வாக்கியமே நிற்காது. நிற்காத வாக்கியத்தைக் கண்டால் முதலில் அந்தக் குறியைத் தேடுங்கள்.

இனி, பழந்தமிழ் நடை எங்குமே கூடாதா என்று கேட்பீர்கள். ஷெல்லி 1819இல் மேற்குக் காற்றை 'தௌ' என்று விளித்தபோது, பொதுப் பேச்சில் அந்தச் சொல் போய் நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் அதைத் தெரிந்தே பழைய பெட்டியிலிருந்து எடுத்தார். அவரை மொழிபெயர்க்கும்போது உங்கள் 'நும்'முக்கும் 'யா'னுக்கும் நியாயம் உண்டு. ஹெர்பர்ட் அன்று வீட்டில் புழங்கியதை எழுதினார். அவருக்கு நம் வீட்டுத் தமிழ் போதும்.

முதலில் கடவுள் பேசும் மூன்று இடங்களை மட்டும் திருத்தி அனுப்புங்கள். 'நீங்கள்' என்று வருமா, வினைமுற்றிலேயே 'உட்காருங்கள்' என்று மரியாதை அடங்கிவிடுமா என்பதை எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்