ரங்கப்பிள்ளை கண்டதும் கேட்டதும்

கேள்வி: 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எந்த அளவுக்கு நம்பலாம், ஐயா?

பதில்: அது இல்லாமல் உங்கள் ஆய்வே நடக்காது. ஆனால் அதன் எல்லா வரிகளுக்கும் ஒரே எடை கிடையாது.

செப்டம்பர் 8-ஆம் தேதிக் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம் அது. முந்தின நாளே சம்பாக் கோயிலில் படை நிறுத்தப்பட்டது, காலையில் கொத்தரும் கூலியாட்களுமாகச் சுமார் இருநூறு பேர் வந்து தெற்கு மதிலை இடிக்கத் தொடங்கியது எல்லாம் அதில் இருக்கின்றன. அன்றன்றைய நிகழ்வைத் தேதியோடு எழுதிவைத்தவர் அவர். ஆகவே நிகழ்ச்சிகளின் வரிசைக்கு இது வலுவான சான்று.

அடுத்து வருவதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பாதிரியார் கெர்தூ கருவறையைக் காலால் உதைத்தார் என்கிறது குறிப்பு. பிள்ளை அதை நேரில் பார்த்து எழுதவில்லை. அவரிடம் வந்து சேர்ந்த செய்தி அது. அதனால் பொய் என்று ஆகிவிடாது. கொதித்துப்போன ஊர் என்ன பேசிக்கொண்டது என்பதற்கு அதுவே நேரடிச் சாட்சி. உதைத்தார் என்பதற்குத்தான் வேறு சாட்சி தேட வேண்டும். மாறாக, கோயில் நிர்வாகிகளும் ஊர்ப் பெரியவர்களும் தம்மிடம் வந்தபோது நடந்த பேச்சில் பிள்ளையே ஒரு தரப்பு. அங்கே அவர் நேரடிச் சாட்சி. தம் பங்கைத் தமக்குச் சாதகமாகச் சொல்லவும் வாய்ப்புள்ளவர்.

ஏன் இடித்தார்கள் என்ற கேள்வியில் அவர் இன்னும் நெருங்கிய தரப்பு. கவர்னர் துய்ப்ளேக்சின் மனைவியையும் ஏசு சபைப் பாதிரிகளையும் அவர் குற்றம் சொல்கிறார். 1746-இல் கனகராய முதலி இறந்தபின் எழுந்த துபாஷ் பதவிப் போட்டியில் அந்த அம்மாள் அவருக்கு எதிராக நின்றவர். அந்தப் பகை குறிப்பு நெடுகத் தெரிகிறது. காரணத்தை எழுதுமுன் பிரெஞ்சு நிர்வாகச் சபையின் பதிவுகளையும் ஏசு சபையாரின் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றுக்கும் தத்தம் சார்பு உண்டு. இருந்தாலும் எதிரெதிர்த் தரப்புகள் ஒத்துப்போகும் இடத்தை உறுதியாக எழுதலாம்.

எந்தப் பிரதியைப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1846-இல் கலுவா மொம்பிரேன் கண்டெடுத்த பிறகுதான் இந்தக் கையெழுத்துப்படி வெளியுலகுக்குத் தெரிந்தது. பிறகு நகல்கள் எடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை வந்த பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகளைத்தான் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றை மட்டும் நம்பாதீர்கள். பார்த்ததா, கேட்டதா என்பது பிள்ளையின் பேச்சுத் தமிழில் ஒரு வினைமுற்றில் தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பில் அது மங்கிப்போகலாம். நீங்கள் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழ்ப் பதிப்போடு ஒப்பிட்டு, கண்டது, கேட்டது, கருதியது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயிலை இடித்த கூலியாட்கள் என்ன நினைத்தார்கள் என்று இதில் தேடாதீர்கள். அவர்கள் இங்கே எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள்.