தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏன்?

1977இலும் 1983இலும் வன்செயலுக்குப் பயந்து தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய எமது சொந்தங்கள் பலர். 2009 மே வரை நடந்த யுத்தம் அவர்களையும் விடவில்லை. அங்கிருந்து லயத்துக்கு வந்த ஒருவர் ராத்திரியில் எழும்பி எழும்பித் தாழ்ப்பாளைப் பார்த்தால், "பேய் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு பேரை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கிளிநொச்சியிலிருந்து வந்த சின்னம்மா கோயில் வெடிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் பதுங்குகிறார். வேர்த்துக் கொட்டுகிறது, கூப்பிட்டாலும் விளங்கவில்லை. அவருக்கு அது பழைய ஞாபகம் அல்ல. ஷெல் இப்போதுதான் விழுகிறது. கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, அந்தப் பேச்சையே தவிர்ப்பது இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேலாக இருந்தால் அது மனவடு நோயாக இருக்கலாம். வெளியே ஆபத்து இருக்கிறது என்றுதான் அவர் தாழ்ப்பாளைப் பார்க்கிறார்.

அவரோடு வந்த மருமகள் கதை வேறு. தாழ்ப்பாள் போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும், 'சரியா நாலு தடவை தொடாவிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிடும்' என்ற எண்ணம் விடாமல் வருகிறது. அது அர்த்தமில்லாதது என்று அவருக்கே தெரியும். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குவார். இப்படியே ஒரு மணித்தியாலம் போய்விடும். இதுதான் எண்ணச் சுழற்சி நோய். ஒரே ஆளுக்கு இரண்டும் வரலாம். அதனால்தான் தாதிமார், "பார்க்காம விட்டா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள்.

நாம் நடந்துகொள்ளும் விதமும் இங்கேதான் மாறுகிறது. சின்னம்மாவைப் பின்னாலிருந்து பிடிக்கவோ உலுப்பவோ கூடாது. லைட்டைப் போட்டு, முன்னால் வந்து, தாழ்ந்த குரலில், "சின்னம்மா, நான்தான் பேசுறேன். இது நம்ம தோட்டம். அது கோயில் வெடி. காலைத் தரையில ஊன்றிப் பாருங்க" என்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது என்று கிளறக் கூடாது. அவராகச் சொன்னால் கேட்கலாம்.

மருமகளுக்கோ ஆறுதல் வார்த்தையே நோய்க்குத் தீனி. "பூட்டியிருக்கா?" என்று பத்துத் தடவை கேட்டு, நாமும் பத்துத் தடவை "ஆமா" என்றால், நிம்மதி சில நிமிடந்தான், பிறகு சந்தேகம் கூடித் திரும்பும். "அண்ணி, ஒருக்காச் சொல்லிட்டேன். திரும்பச் சொன்னா உங்க வருத்தம்தான் பெருகும். பதறுதுன்னு தெரியுது, பக்கத்துல இருக்கேன்" என்பதே போதும். கையைப் பிடித்துத் தடுப்பதும் ஏசுவதும் வேண்டாம். தடவைகளைக் குறைப்பதைப் பயிற்சி பெற்றவரோடு, அவர் சம்மதத்தோடு, படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். தொடாமல் இருந்தாலும் பதற்றம் தானாக இறங்கும் என்பதை அப்போதுதான் அவர் காண்பார்.

அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் இரண்டுக்கும் மருந்து உண்டு. எண்ணச் சுழற்சிக்கு அது பிடிக்க 12 கிழமை வரை ஆகலாம். இரண்டாம் கிழமையே "பலனில்ல" என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் 1926. சாக வேண்டும் என்று யாராவது பேசினால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை மருந்துப் போத்தலும் கிருமிநாசினியும் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.