நகல் வேறு, நிழல் வேறு

சென்ற 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருக்கடையூரில் என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. புணேயிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். என் கைப்பேசியில் 340 படங்கள் எடுத்தேன். அடுத்த மாதமே அம்மா காலமானார். அம்மா சிரித்தபடி நிற்கும் கடைசிப் படங்கள் அவைதான்.

மே 3-ஆம் தேதி கைப்பேசியில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தது. படங்கள் எல்லாம்தான் கிளவுடில் ஏறியிருக்கின்றனவே, கைப்பேசியில் எதற்கு என்று எண்ணி, படச் செயலியைத் திறந்து 340 படங்களையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஜூன் 24 அன்று அண்ணன் தொலைபேசியில், "தம்பி, அம்மா படம் ஒண்ணு பெரிசாப் போட்டு மாட்டணும்டா, அனுப்பி வை" என்றார். வீட்டுக் கணிப்பொறியில் அதே கணக்கைத் திறந்தேன். ஒரு படம்கூட இல்லை.

தவறு என்னுடையதுதான். 'சிங்க்' என்பதை 'பேக்கப்' என்று நினைத்துவிட்டேன். சிங்க் என்பது நிலைக்கண்ணாடியில் தெரியும் நிழல் போன்றது. நெற்றியில் பொட்டு வைத்தால் கண்ணாடியிலும் பொட்டு தெரியும். அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டு இடங்களையும் ஒரே மாதிரி வைத்திருப்பதே அதன் வேலை. புதிய படம் சேர்வது எப்படி ஒரு மாற்றமோ, அப்படியே பழைய படம் அழிவதும் ஒரு மாற்றம். இரண்டையும் அது ஒரே கடமையுணர்வோடு மறுபக்கத்திற்கு எடுத்துச் செல்கிறது. பேக்கப் என்பதோ ஜெராக்ஸ் எடுத்துப் பெட்டியில் பூட்டுவது. அசலைக் கிழித்தாலும் பெட்டியில் உள்ளது அப்படியே இருக்கும்.

இதில் குழப்பம் என்னவென்றால், செயலிகள் பலவும் படத்தை மேலே ஏற்றுவதற்கே 'பேக்கப்' என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். வேண்டாத ஒரு படத்தை எடுத்து, அது மேலே ஏறிய பின் கைப்பேசியில் அழித்து, வேறொரு கணிப்பொறியில் அதே கணக்கைத் திறந்து பாருங்கள். அங்கேயும் காணோம் என்றால் உங்களிடம் இருப்பது நிழல்தான்.

நல்லவேளை, அழித்தவை உடனே போய்விடுவதில்லை. குப்பைத் தொட்டியில் சில நாள் கிடக்கும். கூகுள் ஃபோட்டோஸில் மேலே ஏறிய படங்களுக்கு 60 நாள். கூகுள் டிரைவ் கோப்புகளுக்கு 30 நாள். நான் கவனித்தது 52-ஆம் நாள். இன்னும் 8 நாள் பாக்கி இருந்ததால் படங்கள் திரும்பின. இடம் வேண்டும் என்று தொட்டியையும் காலி செய்திருந்தால் அம்மாவின் படம் போனது போனதுதான்.

கைப்பேசியில் மட்டும் இடம் வேண்டுமானால் கூகுள் ஃபோட்டோஸில் 'Free up space' என்று தனி வசதி உண்டு. அது ஏற்கெனவே மேலே ஏறிய படங்களின் கைப்பேசிப் பிரதியை மட்டும் நீக்கும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அதன் பிறகு உங்களிடம் இருப்பது மேலே உள்ள ஒரே பிரதி. இரண்டு இருந்தது ஒன்றாகிவிட்டது.

ஆகவே இப்போது எங்கள் வீட்டு வழக்கம் இது. மாதம் ஒருமுறை கைப்பேசியை வயர் மூலம் கணிப்பொறியில் இணைத்து, DCIM என்ற ஃபோல்டரைத் திறந்து, படங்களை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் அந்த மாதத்தின் பெயரிட்ட ஃபோல்டருக்குள் காப்பி செய்கிறேன். இடையிலிருந்து நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைக்கிறேன். கழற்றி வைப்பதுதான் முக்கியம். இணைப்பு இல்லாத இடத்திற்கு என் கைத்தவறு போய்ச் சேராது. கைப்பேசியிலிருந்து ஏற்கெனவே நீக்கிய படங்கள் இந்த வழியில் கிடைக்கமாட்டா. அவற்றைக் கூகுள் டேக்அவுட் மூலம் கேட்டுப் பெற வேண்டும். அது படங்களைச் சுருக்கிய பெரிய கோப்புகளாகத் தரும். இறக்கிக்கொள்ளும் இணைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் படம் இப்போது மாட்டியிருக்கிறது. அதன் பிரதி ஒன்று என் அலமாரியில், எந்த வயரும் இல்லாமல், பத்திரமாக இருக்கிறது.