மின்னஞ்சல் எழுதுதல்: திட்டத்தை மாற்ற அனுமதி கோரல்

மாணவர்களே, ஒரு வேலை தடைப்பட்டதை அறிவிக்கும்போது மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. நடந்தது என்ன, பதில் ஏற்பாடு யாது, அதன் குறை என்ன, எதற்கு அனுமதி வேண்டும் ஆகிய நான்கும் ஒழுங்காக அமைய வேண்டும்.

வினா: 2016 ஆம் ஆண்டில், முதுகலை மாணவி ஒருவர் யாழ்ப்பாண மாவட்டக் குடும்பங்களின் சராசரி அளவு 1981, 2001, 2012 ஆம் ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என ஆராய்கிறார். 2001 ஆம் ஆண்டுத் தரவு பயன்படாது எனக் கண்டார். மேற்பார்வையாளருக்கு அவர் அனுப்பும் மின்னஞ்சலை எழுதுக.

மாதிரி விடை

பொருள்: ஆய்வேட்டின் தரவுத் திட்டத்தை மாற்றுதல்

மதிப்பிற்குரிய சேர்,

2001 ஆம் ஆண்டுத் தரவை எனது ஆய்வில் பயன்படுத்த முடியாதுள்ளது. அவ்வாண்டுக் குடிசன மதிப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. யாழ்ப்பாணத்துக்குத் தரப்பட்டுள்ள தொகை எண்ணிப் பெற்றதன்று, மதிப்பீடு. அதிலிருந்து குடும்ப அளவைக் கணிக்க இயலாது. திட்டம் வகுக்குமுன் அட்டவணையின் அடிக்குறிப்பை நான் வாசிக்கத் தவறிவிட்டேன்.

எனவே 1981, 2012 ஆகிய இரு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட எண்ணுகிறேன். கிளிநொச்சி 1984 இலேயே தனி மாவட்டமானது. 1981 இல் அது யாழ்ப்பாணத்துள் அடங்கியிருந்தது. ஆகவே 2012 இல் இரு மாவட்டங்களையும் சேர்த்துக் கணிப்பேன்.

இடைப்பட்ட 31 ஆண்டுகளில் மாற்றம் எப்போது நிகழ்ந்தது என்பதை இவ்வொப்பீடு காட்டாது. அதனை அறிய ஒரு கிராம அலுவலர் பிரிவில் முதியோர் 20 பேரை நேர்காண விரும்புகிறேன். ஆண்டுகளை மறந்திருப்பார்கள் என்பதால், 1995 இடப்பெயர்வுக்கு முன், பின் எனக் கேட்பேன். இவ்விடைகள் விளக்கத்துக்கே உதவும். மாவட்டச் சராசரியாகக் கொள்ளமாட்டேன்.

இம்மாற்றத்துக்கும் நேர்காணலுக்கும் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். வினாக்கொத்தை இணைத்துள்ளேன். இரு வாரங்களுள் தங்கள் முடிவு கிடைப்பின் குறித்த காலத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள மாணவி

கவனிக்க

1. தவறு ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அதை நீட்டினால் வாசிப்பவர் புதிய திட்டத்தை அடையுமுன் சலிப்படைவார்.

2. புதிய திட்டத்தின் குறையை மாணவியே கூறிவிடுகிறார். மறைத்திருந்தால் மேற்பார்வையாளர் அதைக் கண்டுபிடித்துத் திட்டத்தையே மறுத்திருக்கலாம்.

3. இரு மாவட்டங்களைச் சேர்க்கும்போது இரு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது பிழை. உதாரணமாக, ஓரிடத்தில் 300 குடும்பங்களில் 1200 பேரும் மற்றையதில் 100 குடும்பங்களில் 500 பேரும் உள்ளனர் என்போம். சராசரிகள் 4, 5 ஆகும். ஆனால் சேர்ந்த சராசரி 4.5 அன்று; 1700 ÷ 400 = 4.25 ஆகும்.

பயிற்சி: 2012 இல் யாழ்ப்பாண மாவட்டத்தை மட்டும் எடுத்து 1981 உடன் ஒப்பிட்டால் நேரும் பிழையை இரண்டு வாக்கியங்களில் விளக்குக.