வியர்வையும் உப்பும் பிரஷர் மாத்திரையும்

இம்முறை நமது சுகாதாரப் பாடத்தில் சிறுநீரகம் செய்யும் ஒரு காரியத்தைப் படிப்போம். பெயர் கொஞ்சம் நீளம்: றெனின் - அஞ்சியோடென்சின் - அல்டொஸ்தெரோன் தொகுதி. பெயரைப் பாடமாக்க வேண்டியதில்லை. உடம்பில் உப்பு குறைந்தால் அதைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு இது என்று விளங்கிக்கொண்டால் போதும். பிரஷருக்கு எனலப்ரில், லொசாட்டன் என்று கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறவர்கள் கடைசிப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

ஹட்டன் பக்கத்தில் இருந்து ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு, உரும்பிராய்ப் பக்கம் வெங்காயத் தோட்டத்து வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். (அங்கே தோட்டம் என்றால் நம்மைப் போல மலை முழுக்கத் தேயிலை அல்ல. கிணற்றைச் சுற்றிய சிவப்பு மண் பாத்திகளைத்தான் தோட்டம் என்பார்கள்.) மாதம் வைகாசி. குளிரில் பழகிய உடம்பு, மரநிழல் இல்லாத வெயில். எட்டு மணித்தியாலத்தில் நாலு லீற்றர் வியர்வை போய்விடுகிறது. முதல் நாள்களில் அவருடைய வியர்வை நல்ல உப்பு. ஒரு லீற்றரில் மூன்று கிராம் உப்பு என்று வைத்தால், நாலு லீற்றரில் பன்னிரண்டு கிராம். சேர்ட்டின் முதுகில் வெள்ளைக் கோடு விழுவது இந்த உப்புத்தான்.

அவர் தாகத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை நாலு லீற்றர் குடிக்கிறார். கணக்குச் சரிதானே என்று தோன்றும். சரியில்லை. தண்ணீர் உடம்பில் நிற்பதற்கு உப்பு வேண்டும். குருதியிலும் அதைச் சுற்றியுள்ள நீரிலும் ஏறத்தாழ ஒன்பது கிராம் உப்புக்கு ஒரு லீற்றர் தண்ணீர் நிற்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் போத்தலிலும் இதே அளவுதான். பன்னிரண்டு கிராம் உப்புப் போனவருக்கு ஒரு லீற்றருக்கும் மேலான தண்ணீரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. வெறும் தண்ணீரைக் குடித்தால் குருதி நீர்த்துப் போகும் என்று உடம்பு அதைச் சலமாக வெளியே விட்டுவிடும். ஆகவே பின்னேரம் குனிந்து நிமிரும்போது "தலை சுத்துது அண்ணே" என்கிறார்.

இந்த இடத்தில் சிறுநீரகம் வேலையைத் தொடங்குகிறது. சிறுநீரகத்துக்குள் வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் குருதி உள்ளே வர ஒரு சிறு குழாய், வெளியே போக ஒரு சிறு குழாய். உள்ளே வரும் குழாயின் சுவரில் இருக்கும் சில கலங்கள் அமுக்கத்தைக் காவல் பார்க்கின்றன. அமுக்கம் குறைந்தாலோ, வடிந்த நீரில் உப்பு குறைவாக வந்தாலோ, நரம்பு வழியாக அவசரச் செய்தி வந்தாலோ அவை றெனின் என்ற நொதியத்தைக் குருதிக்குள் விடும். முயலின் சிறுநீரகச் சாற்றை ஊசியால் ஏற்றியதும் பிரஷர் ஏறியதை 1898இல் சுவீடன் நாட்டில் திகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் கண்டு, இதற்குப் பெயர் வைத்தார்கள்.

றெனின் தானாகப் பிரஷரை ஏற்றாது. அது ஒரு கத்தி மாதிரி. ஈரல் தயாரித்துக் குருதியில் விட்டிருக்கும் ஒரு பெரிய புரதத்தில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுக்கும். அந்தத் துண்டு அஞ்சியோடென்சின் ஒன்று. அதிலும் பெரிய பலன் இல்லை. அது நுரையீரலைக் கடந்து போகும்போது அங்குள்ள குருதிக் குழாய்ச் சுவரில் இருக்கும் இன்னொரு நொதியம் அதன் வாலை நறுக்கிவிடும். இப்போது கிடைப்பது அஞ்சியோடென்சின் இரண்டு. வேலை செய்கிறவர் இவர்தான். குருதியில் ஒரு நிமிஷமளவுதான் தாங்குவார், ஆனால் அதற்குள் பல காரியம் முடித்துவிடுவார்.

முதலில் உடம்பெங்கும் சிறு குருதிக் குழாய்களை இறுக்குகிறார். இறைப்பு மெஷின் ஓடும்போது ஹோஸ் வாயை விரலால் அமத்தினால் உள்ளே அமுக்கம் ஏறுமே, அதைப்போல. இது உடனடி வேலை. அடுத்து, மூளைக்குத் தாகம் என்று செய்தி அனுப்புகிறார். மூன்றாவதாக, சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி இருக்கும் அதிரீனற் சுரப்பியைத் தட்டி எழுப்புகிறார். அங்கிருந்து வருவது அல்டொஸ்தெரோன் என்ற ஓமோன்.

அல்டொஸ்தெரோன் அவசரக்காரர் அல்ல. வேலை தெரிய ஒரு மணித்தியாலமாவது ஆகும், ஏனென்றால் அது சிறுநீரகக் கலங்களைக் கொண்டு புதிய வாசல்களைச் செய்விக்க வேண்டும். நம்முடைய சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அந்த நீரில் ஒன்றரைக் கிலோ அளவு உப்பு போகிறது! அதில் மிகப் பெரும்பகுதியை வழியிலேயே குருதிக்குத் திருப்பி எடுக்கிறார்கள். கடைசியில் மிஞ்சும் சிறு பங்கை விடுவதா, பிடிப்பதா என்று முடிவு செய்வதுதான் அல்டொஸ்தெரோனின் அதிகாரம். சோடியத்தைத் திருப்பி எடுத்தால் தண்ணீரும் அதன் பின்னால் வரும். பதிலுக்குப் பொற்றாசியத்தை வெளியே தள்ளும். இந்தப் பொற்றாசியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அதே ஓமோன் வியர்வைச் சுரப்பியிலும் வேலை செய்கிறது. ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் வேலை செய்த பிறகு நம் ஹட்டன்காரரின் வியர்வை குறையாது, சில வேளை கூடும். ஆனால் உப்பு லீற்றருக்கு ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பன்னிரண்டு கிராம் போன இடத்தில் இப்போது நாலு கிராம்தான். அது சோறு, கறி, கருவாட்டில் வந்துவிடும். சேர்ட்டின் வெள்ளைக் கோடும் மங்கும். "பழகிப்போச்சு" என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு இதுதான். ஊருக்குத் திரும்பிக் குளிரில் ஒரு மாதம் இருந்தால் இந்தப் பழக்கம் போய்விடும். திரும்ப வரும்போது முதல் வாரம் மறுபடியும் கவனமாக இருக்க வேண்டும்.

இனி மாத்திரைக் கதைக்கு வருவோம். உப்பு அதிகமாகச் சாப்பிடும்போது இந்த ஏற்பாடு தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். பலருக்கு அது போதிய அளவு அணைவதில்லை. குழாய் இறுகியபடியும் உப்பு தங்கியபடியும் இருக்கும், பிரஷர் ஏறும். பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் இருந்து, நுரையீரலில் வாலை நறுக்கும் அந்த நொதியத்தை மறிக்கும் மருந்துக்கு வழி கிடைத்தது. முதல் மருந்து கப்ரோப்ரில், 1981இல் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதி பெற்றது. எனலப்ரில் அதன் தம்பி. சிலருக்கு இதனால் வறட்டு இருமல் வரும், சளி இராது. அப்போது டொக்டர் லொசாட்டனுக்கு மாற்றுவார். அது அஞ்சியோடென்சின் இரண்டு உட்காரும் இடத்தை மறிக்கும் மருந்து. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இந்த இரண்டையும் எடுக்கக் கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள்.

நல்ல நாளில் இவை நல்ல மருந்துகள். கெட்ட நாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பலரிடம் காணப்படுவதை ஒரே ஆளாக்கிச் சொல்கிறேன். நம் ஆளுக்கு இப்போது வயது 52. எனலப்ரில் 10 மில்லிகிராம், கூடவே சலம் போக்கும் மாத்திரை ஒன்று. ஒருநாள் வயிற்றோட்டம் தொடங்கி விடியுமுன் பத்துத் தடவை போய்விட்டது. சத்தியும் உண்டு. "மாத்திரையை விடக் கூடாது" என்று கிளினிக்கில் சொன்னதை நினைத்து இரண்டையும் விழுங்கினார். உடம்பு வலிக்கிறது என்று கடையில் டைக்ளோபெனாக் வாங்கி மூன்று தடவை போட்டார். மத்தியானத்துக்குப் பிறகு சலம் போகவே இல்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, கடைசியா எப்ப சலம் போனது?" பிரஷர் 90/60. கிரியேற்றினின் முன்பு 0.9 இருந்தது, இப்போது 3.4. பொற்றாசியம் 6.1.

நடந்தது இதுதான். பாத்தியில் தண்ணீர் நிற்க வேண்டுமானால் வாய்க்காலின் உள்வாசல் திறந்திருக்க வேண்டும், வெளிவாசலை மண் போட்டுக் கொஞ்சம் அடைக்க வேண்டும். சிறுநீரக முடிச்சும் அப்படியே. உடம்பில் நீர் குறைந்த வேளையில் வெளியே போகும் குழாயை இறுக்கி, வடிகட்டும் அமுக்கத்தைக் காப்பது அஞ்சியோடென்சின் இரண்டு. எனலப்ரில் அந்த மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது. உள்வாசலைத் திறந்து வைத்திருப்பது வேறொரு பொருள். டைக்ளோபெனாக், புரூபன் போன்ற வலி மாத்திரைகள் அதை நிறுத்தி உள்வாசலைச் சுருக்கிவிடும். சலம் போக்கும் மாத்திரையும் வயிற்றோட்டமும் வாய்க்காலையே வற்றச் செய்துவிட்டன. பிறகு எங்கே வடிவது? அல்டொஸ்தெரோனும் இல்லாததால் பொற்றாசியம் வெளியேறவில்லை. அது மேலும் ஏறினால் இருதயம் தாளம் தப்பும், நின்றும் போகும்.

அவருக்கு அந்த மூன்று மாத்திரைகளையும் நிறுத்தி, சேலைன் ஏற்றி, பொற்றாசியத்தை இறக்க மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சலம் போகத் தொடங்கியது. ஐந்தாம் நாள் கிரியேற்றினின் 1.3. பிந்தி வருகிறவர்கள் எல்லாருக்கும் இப்படித் திரும்புவதில்லை.

ஆகவே அடுத்த கிளினிக் நாளில் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ டொக்டரிடமோ ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக் கொள்ளுங்கள்: "வயிற்றோட்டம், சத்தி வந்தா இதில எந்த மாத்திரைய நிப்பாட்டணும்?" அநேகமாக எனலப்ரில் அல்லது லொசாட்டன், சலம் போக்கும் மாத்திரை, நீரிழிவு இருந்தால் மெற்போமின் ஆகியவற்றை நிறுத்தச் சொல்வார்கள். வழமைபோலச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். இருதய பலவீனம் உள்ளவர்களுக்குப் பதில் வேறாக இருக்கலாம், அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். சுகமாக இருக்கிறது என்று சும்மா நிறுத்துவது வேறு கதை. அப்படி நிறுத்தினால் பிரஷர் திரும்ப ஏறிவிடும்.

வலிக்குப் பனடோல் போதும். குடிக்க ஜீவனி, ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். அதில் உப்பும் குளுக்கோசும் கணக்காக இருப்பதால் குடித்தது உடம்பில் நிற்கும். இளநீர் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இளநீரில் சோடியம் குறைவு, பொற்றாசியம் கூட. சலம் போகாமல் இருக்கும் ஒருவர், அதுவும் எனலப்ரில் எடுக்கிறவர், அதைக் குடம் குடமாகக் குடிப்பது ஆபத்து. எழும்பி நின்றால் கண் இருண்டு வந்தாலோ, சலம் தேயிலைச் சாயம் போலக் கறுத்தாலோ ஜீவனியைத் தொடங்குங்கள். ஆறு மணித்தியாலத்துக்குச் சலமே போகாவிட்டால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். மாத்திரைப் பையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரையின் வெற்று மட்டையையும் அதற்குள் போடுங்கள், டொக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.